கேட் கற்க நான்கு மாதம்: எதை முதலில் பழகுவது, எதைத் தள்ளிப்போடுவது

"கணினியில் வடிவமைக்கும் கேட் மென்பொருள் பக்கம் இதுவரை போனதே இல்லை. தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும், மூன்று நான்கு மாதம் அவகாசம் இருக்கிறது. இயந்திர பாகங்களை 3டியில் உருவாக்கத் தெரிய வேண்டும். ஆட்டோகேடில் 2டி முடித்துவிட்டுத்தான் 3டிக்குப் போக வேண்டுமா? ஆளுக்கு ஒரு வரிசை சொல்கிறார்கள். எந்த வரிசையில் பழகுவது?"

2டி முடித்துவிட்டு வர வேண்டும் என்ற அவசியம் இல்லை. கட்டட வரைபடம் உங்கள் வேலை என்றால் வேறு பதில் சொல்லியிருப்பேன். இயந்திர பாகம் என்பதால் நேராக பாராமெட்ரிக் 3டி மென்பொருளில் உட்காரலாம். வரிசை இதுதான்: முதல் மூன்று வாரம் பாகத்துக்கு அடிப்படையான தட்டை வரைவு, அதாவது ஸ்கெட்ச் மட்டும், அடுத்த ஐந்து வாரம் தனித்தனிப் பாகங்கள், அப்புறம் வரைபடம் படிப்பதும் கையில் உள்ள பொருளை அளந்து வரைவதும் ஒரு மாதம், மிச்சம் இருப்பது பாகங்களை ஒன்றோடொன்று பொருத்தும் அசெம்பிளிக்கு. மூன்று மாதம்தான் கிடைக்கிறது என்றால் கடைசிப் பகுதியைச் சுருக்குங்கள், முதல் பகுதியில் கை வைக்காதீர்கள்.

ஏன் இந்த வரிசை என்றால், இந்த வகை மென்பொருள் வடிவத்தை மட்டும் சேமித்து வைப்பதில்லை. அந்த வடிவத்துக்கு நீங்கள் எப்படி வந்தீர்கள் என்ற படிகளையும் சேர்த்துச் சேமிக்கிறது. மூன்றாவது படியில் ஓர் எண்ணை மாற்றினால் அதற்குப் பின்னால் வரும் எல்லாப் படிகளையும் மறுபடி கணக்கிடுகிறது. ஆகவே பார்க்க அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மாடல்களில் ஒன்று அளவு மாறினால் ஒழுங்காக நீளும், இன்னொன்று உருக்குலையும். கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. எந்த பட்டன் எங்கே என்பது பத்து நாளில் தானாகக் கைக்கு வந்துவிடும்.

மென்பொருள் தேர்வில் நிறைய நாள் செலவிட வேண்டாம். ஃப்ரீகேட் முழுக்க இலவசம். எடுப்பதாக இருந்தால் 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்போ அதற்குப் பிந்தையதோ எடுங்கள், காரணம் பின்னால் வரும். ஃபியூஷனில் தனிப்பட்ட உபயோகத்துக்குக் கட்டுப்பாடுகளோடு இலவச உரிமம் உண்டு. ஆன்ஷேப் பிரவுசரிலேயே ஓடும், ஆனால் அதன் இலவசக் கணக்கில் நீங்கள் வரைவதெல்லாம் பொதுவில் தெரியும். வேலை செய்யும் இடத்தில் சாலிட்வொர்க்ஸ் இருந்தால் அதுவே போதும். கீழே நான் சொல்வது நான்குக்கும் பொருந்தும். நடுவில் மட்டும் மாற்றாதீர்கள்.

முதல் மூன்று வாரம்: ஸ்கெட்ச்

பெரும்பாலோர் ஸ்கெட்சை அரை நாளில் தாண்டிவிட்டு, அதற்குத் தடிமன் கொடுத்து எழுப்பும் எக்ஸ்ட்ரூட் பக்கம் ஓடிவிடுகிறார்கள், ஏனென்றால் அங்கேதான் திரையில் ஏதோ ஒன்று திடமாக எழுந்து நிற்கிறது. பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த அவசரத்தில் முளைப்பதுதான்.

முதல் நாள் ஒரே ஒரு செவ்வகம் போடுங்கள். செவ்வகக் கருவியைத் தொடாமல் நான்கு தனிக் கோடுகளாக, கொஞ்சம் கோணலாகவே போடுங்கள். கோடுகளைக் கட்டிவைக்கும் கன்ஸ்ட்ரெயின்ட்டைத் தானாகச் சேர்க்கும் வசதி இருந்தால் அன்றைக்கு மட்டும் அணைத்து வையுங்கள். இப்போது கணக்குப் போடலாம். ஒரு கோட்டுக்கு இரண்டு முனை, ஒவ்வொரு முனையும் இடவலமாகவும் மேல்கீழாகவும் நகரும், ஆக ஒரு கோட்டுக்கு நான்கு சுதந்திரம். நான்கு கோட்டுக்குப் பதினாறு. மூலைகளில் முனையோடு முனையை ஒட்ட வைத்தால் ஒவ்வொரு ஒட்டலும் இரண்டைப் பிடுங்கும். நான்கு மூலைக்கு எட்டு போக மிச்சம் எட்டு. இரண்டு கோடு கிடை, இரண்டு கோடு செங்குத்து என்று சொன்னால் நான்கு போகும், மிச்சம் நான்கு. அந்த நான்கு எவை என்று யோசியுங்கள்: அகலம், உயரம், செவ்வகம் தாளில் எங்கே இருக்கிறது என்பதற்கு இரண்டு. ஒரு மூலையை அச்சுகள் சந்திக்கும் ஆரிஜினில் ஒட்டுங்கள், இரண்டு குறையும். அகலம் 60, உயரம் 40 என்று எழுதுங்கள், பூஜ்யம். ஃப்ரீகேடில் கோடுகள் பச்சையாகும், சாலிட்வொர்க்ஸிலும் ஃபியூஷனிலும் நீலம் போய்க் கறுப்பாகும்.

இந்தக் கணக்கை ஒரு பத்துப் பதினைந்து வடிவத்துக்காவது கையால் போட்டுப் பாருங்கள். வட்டத்துக்கு மூன்று: மையத்துக்கு இரண்டு, ஆரத்துக்கு ஒன்று. ஃப்ரீகேட் மிச்சம் எத்தனை என்று எண்ணாகவே சொல்லிவிடும், உங்கள் கணக்கோடு ஒப்பிட வசதி. மற்றவற்றில் நிறத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். எங்கே இன்னும் ஆட்டம் இருக்கிறது என்று பிடிபடவில்லையா, ஒரு புள்ளியை எலியால் பிடித்து இழுங்கள். எது நகர்கிறதோ அதற்குத்தான் கட்டு போடவில்லை. இழுத்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் எந்தப் பாடத்தையும்விட வேகமாகக் கற்றுத்தரும்.

உறவுகளை முதலில் சொல்லுங்கள், எண்களை அப்புறம் எழுதுங்கள். கிடை, செங்குத்து, சமம், தொடுகோடு, சமச்சீர் எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சுவதற்கு மட்டும் அளவு. கோணல்மாணலாகக் கிடக்கும் ஸ்கெட்சில் முதலிலேயே அளவு எழுதினால் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று புரண்டு வடிவம் தலைகீழாகிவிடும். எண்கள் எழுதும்போதும் ஆகப் பெரிய அளவை முதலில் எழுதுங்கள். 400 அகலத்தில் கையால் வரைந்துவிட்டு அதன் நடுவில் ஒரு சின்னப் பள்ளத்துக்கு 5 என்று முதலில் எழுதினால் என்ன ஆகும் என்று ஒரு தடவை வேண்டுமென்றே செய்து பாருங்கள், புரிந்துவிடும்.

கட்டு அதிகமானாலும் சிக்கல்தான். எதிரெதிர்க் கோடுகள் ஏற்கெனவே சமமாக இருக்கும்போது இரண்டுக்கும் தனித்தனியாக 60 எழுதினால் மென்பொருள் முறைக்கும். அப்போது கடைசியாகப் போட்டதை அழித்துவிட்டு நகராதீர்கள். எந்த இரண்டு கட்டளை ஒரே விஷயத்தைச் சொல்கிறது என்று கண்டுபிடித்து, அதில் எது உங்கள் நோக்கத்துக்குத் தேவை என்று முடிவு செய்யுங்கள். ஒரு சின்ன விஷயம்: கோடுகளுக்கு இடையே உறவைச் சொல்லி வரையும் இந்த யோசனை புதிதல்ல. ஐவன் சதர்லேண்ட் 1963இல் எம்ஐடியில் சமர்ப்பித்த ஸ்கெட்ச்பேட் ஆய்விலேயே இது இருந்தது. பொத்தான்களின் பெயர்கள் வருஷா வருஷம் மாறும், இது மாறாது.

இரண்டாம் மூன்றாம் வாரங்களில் வளைவுகளுக்குப் போங்கள். இரண்டு அரைவட்டமும் இரண்டு கோடும் சேர்ந்த நீள்துளை, ஒரு வட்டத்தின் மேல் ஆறு துளை சமதூரத்தில் உள்ள ஃபிளேஞ்ச், இரண்டு வெவ்வேறு வட்டங்களைத் தொட்டுப் போகும் கோடுகளால் ஆன கேஸ்கெட். ஒவ்வொன்றும் முடிந்ததும் ஓர் அளவை இரட்டிப்பாக்குங்கள், இன்னொன்றைப் பாதியாக்குங்கள். வடிவம் அதே வடிவமாக நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் எந்த உறவைச் சொல்ல மறந்தீர்கள் என்று தேடுங்கள்.

அடுத்த ஐந்து வாரம்: ஒரு பாகம், பல மாற்றங்கள்

இங்கே எத்தனை பாகம் செய்தீர்கள் என்பதைவிட ஒவ்வொரு பாகத்தையும் எவ்வளவு தூரம் மாற்றிப் பார்த்தீர்கள் என்பதுதான் கணக்கு. முதல் பாகமாக ஓர் எல் பிராக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். அடி நீளம் 60, உயரம் 40, தடிமன் 5, அகலம் 30, எல்லாம் மில்லிமீட்டரில். அடியில் M6 போல்ட்டுக்கு இரண்டு துளை, நிற்கும் பக்கத்தில் ஒன்று. M6 போல்ட் தாராளமாக நுழைய 6.6 மி.மீ. துளை என்பது நடைமுறையில் உள்ள அளவு.

எல் வடிவத்தை XZ தளத்தில் ஆறு கோடுகளால் வரையுங்கள். வெளிமூலை ஆரிஜினில் இருக்கட்டும். பழைய கணக்கையே போட்டால் இருபத்து நான்கில் ஆறு மூலைக்குப் பன்னிரண்டு, கிடை செங்குத்துக்கு ஆறு, ஆரிஜினுக்கு இரண்டு போக மிச்சம் நான்கு: நீளம், உயரம், இரண்டு தடிமன். இரண்டு தடிமனுக்கும் தனித்தனி எண் வேண்டாம், அந்த இரண்டு குட்டிக் கோடுகளையும் சமம் என்று சொல்லிவிட்டு ஒன்றுக்கு மட்டும் 5 எழுதுங்கள். நீள அளவுக்கு `baseL`, தடிமனுக்கு `thk` என்று பெயரும் வைத்துவிடுங்கள். இப்போது 30க்கு எக்ஸ்ட்ரூட், ஆனால் ஒரே பக்கமாக இல்லை, தளத்துக்கு இருபுறமும் சமமாக. அப்படிச் செய்தால் பாகத்தின் நடுக்கோடு X அச்சின் மேலேயே உட்காரும்.

துளைகளுக்கு வரும்போதுதான் புதியவர்கள் வழி பிரிகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் மேல்முகத்தைச் சொடுக்கி அதன் மேல் ஸ்கெட்ச் திறப்பது இயல்பாக வரும் கைப்பழக்கம். அதற்குப் பதிலாக XY தளத்தையே தேர்ந்தெடுங்கள். பிராக்கெட்டின் அடிப்பக்கம் அந்தத் தளத்தில்தான் இருக்கிறது. இரண்டு வட்டத்தின் மையங்களையும் X அச்சின் மேல் உட்கார வையுங்கள். முதல் துளை வெளிமுனையிலிருந்து 12 உள்ளே வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆரிஜினிலிருந்து 48 என்று எண்ணாக எழுதாமல் சூத்திரமாக எழுதுங்கள். ஃப்ரீகேடில் இப்படி:

```
Sketch.Constraints.baseL - 12 mm
```

இரண்டாவது துளை முதலாவதிலிருந்து 25 உள்ளே. இரண்டு வட்டமும் சமம், ஒன்றுக்கு விட்டம் 6.6. பாகம் முழுக்க ஊடுருவும்படி வெட்டுங்கள், வெட்டு எதிர்ப்பக்கம் போனால் திசையைத் திருப்புங்கள். நிற்கும் பக்கத்துத் துளைக்கு YZ தளம், மையம் Z அச்சின் மேல், மேல்முனையிலிருந்து 12 கீழே. அதையும் இதே போல உயரத்திலிருந்து சூத்திரமாக எழுதுங்கள்.

கடைசியாக மூலைகளை வளைவாக்கும் ஃபில்லட். உள்மூலைக்கு ஆரம் 5, வெளிமூலைக்கு 10. வெளி ஆரம் எப்போதும் உள் ஆரமும் தடிமனும் சேர்ந்ததாக இருந்தால்தான் வளைவிலும் தடிமன் ஒரே சீராக வரும்.

முடித்தது சரியா என்று எப்படித் தெரியும்? திரையில் பார்த்து ஒப்பிடாதீர்கள், கன அளவைக் கேளுங்கள். எல்லா மென்பொருளிலும் அந்த வசதி உண்டு. துளையும் ஃபில்லட்டும் இல்லாமல் 14,250 கன மி.மீ. இருக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு சுமார் 13,254. எஃகு என்று எடுத்து அடர்த்தி 7.85 வைத்தால் எடை 104 கிராம். ஒரு துளையை மறந்திருந்தால் 171 கன மி.மீ. கூடுதலாகக் காட்டும். பார்வைக்குத் தப்பிய பிழையை இந்த எண் பிடித்துவிடும்.

சரி, இப்போது இதைக் கெடுக்கத் தொடங்குங்கள். நீளத்தை 90 ஆக்குங்கள். துளைகள் வெளிமுனையோடு சேர்ந்து நகர்ந்து 78, 53 என்ற இடங்களுக்குப் போக வேண்டும். எண்ணாக எழுதியிருந்தால் 48, 23லேயே நின்றிருக்கும். அதுவும் தப்பில்லை. துளை எதிர்ப்பக்கப் பாகத்தோடு பொருந்த வேண்டியது மூலையிலிருந்தா முனையிலிருந்தா என்பதைப் பொறுத்தது. ஆனால் அதை நீங்கள் முடிவு செய்திருக்க வேண்டும், தற்செயலாக நடந்திருக்கக் கூடாது. அடுத்து அகலத்தை 50 ஆக்குங்கள். இருபுறமும் சமமாக எக்ஸ்ட்ரூட் செய்ததால் துளைகள் நடுவிலேயே இருக்கும்.

தடிமனை 3 ஆக்குங்கள். இங்கே எந்தச் சிவப்புக் குறியும் வராது, எல்லாம் நன்றாக இருப்பது போலத்தான் தெரியும். வளைவின் நடுவில் குறுக்காக அளந்து பாருங்கள்: சுமார் 2.2 மி.மீ.தான் இருக்கும். வெளி ஆரம் 10 என்று எண்ணாகவே கிடப்பதால், அதிக விசை தாங்க வேண்டிய இடமே மெலிந்துவிட்டது. வெளி ஃபில்லட்டின் ஆரத்தில் இதை எழுதினால் 8 ஆகித் தடிமன் சீராகும்:

```
Sketch.Constraints.thk + 5 mm
```

இன்னொன்று. தடிமனை 5க்குத் திருப்பிவிட்டு உயரத்தை 20 ஆக்குங்கள். நிற்கும் பக்கத்துத் துளையின் மையம் 8 உயரத்துக்கு இறங்கும், அதன் கீழ்விளிம்பு 4.7க்கு வரும். அடித்தட்டின் மேல்முகமோ 5இல் இருக்கிறது. முழுக்க ஊடுருவும் வெட்டு என்று சொல்லியிருப்பதால், துளை உள்ஃபில்லட்டைக் கடித்துக்கொண்டு போய் அடித்தட்டின் மேல் நீள நெடுக 0.3 மி.மீ. ஆழத்தில் ஒரு வாய்க்கால் போட்டுவிடும். இதற்கும் மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லாது. வெட்டின் ஆழத்தைத் தடிமன் அளவுக்குக் கட்டிவைத்தால் வாய்க்கால் வராது, ஆனால் போல்ட் தலைக்கு இடமில்லை என்ற உண்மை அப்படியேதான் இருக்கும். ஒரு மாடல் எந்த வரம்பு வரை செல்லும் என்று தெரிந்துகொள்வது இப்படித்தான்.

தளத்தில் ஸ்கெட்ச் திறக்கச் சொன்னதற்கும் ஃபில்லட்டைக் கடைசியில் வைக்கச் சொன்னதற்கும் ஒரே காரணம். மென்பொருள் முகங்களுக்கும் விளிம்புகளுக்கும் உள்ளுக்குள் ஏதாவது ஓர் அடையாளம் வைத்திருக்கிறது. ஃப்ரீகேடில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: `Face6`, `Edge12` என்று. முன்னால் உள்ள படி ஒன்றை மாற்றும்போது முகங்களின் எண்ணிக்கை மாறினால் இந்த எண்களும் இடம் மாறக்கூடும். அப்போது `Face6` மேல் போட்ட துளை வேறொரு முகத்தில் போய் உட்காரும், அல்லது ஃபில்லட் வேறு விளிம்பைப் பிடிக்கும். ஃப்ரீகேடின் பழைய பதிப்புகளில் இது பெரிய தலைவலியாக இருந்தது. 1.0இல் வெகுவாகக் குறைத்திருக்கிறார்கள், முழுக்க ஒழிந்துவிடவில்லை. மற்ற மென்பொருட்கள் இதை நன்றாகச் சமாளிக்கும் என்றாலும், விளிம்பே காணாமல் போனால் எதனாலும் சமாளிக்க முடியாது. அதனால் ஆரிஜின் தளங்களை நம்பி நிற்கும் ஸ்கெட்ச் உறுதியானது, ஃபில்லட்டின் விளிம்பை நம்பி நிற்கும் ஸ்கெட்ச் பொறி.

பிராக்கெட்டுக்குப் பிறகு சுழற்றி உருவாக்கும் பாகங்கள்: கப்பி, புஷ், படிப்படியாக விட்டம் மாறும் ஷாஃப்ட். அப்புறம் ஒன்றை வரைந்து பலவாக்கும் பேட்டர்ன், கண்ணாடிப் பிரதி. அதன் பிறகு மூடியுள்ள பெட்டி, உள்ளே குடையும் ஷெல். ஒரு வடிவத்தைப் பாதை வழியே இழுக்கும் ஸ்வீப், வெவ்வேறு வடிவங்களை இணைத்து நிரப்பும் லாஃப்ட் இரண்டையும் இந்த ஐந்து வாரத்தின் கடைசி நாட்களில் தொட்டுப் பார்த்தால் போதும். நூறு பாகத்துக்கு ஐந்தாறில்தான் அவை உண்மையிலேயே தேவைப்படும் என்பது என் எண்ணம், ஆனால் பயிற்சிக் காணொளிகளில் பாதி அவற்றிலேயே கழியும்.

காணொளி என்றதும் ஒன்று. பார்த்துக்கொண்டே கூடவே செய்வதை நான் பயிற்சியாக எண்ணுவதில்லை. ஒரு முறை முழுக்கப் பாருங்கள், மூடுங்கள், பாகத்தின் அளவுகளை மட்டும் ஒரு தாளில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். சிக்கிக்கொண்ட இடத்துக்கு மட்டும் திரும்பிப் போங்கள்.

ஒன்பதாம் வாரத்திலிருந்து: வரைபடமும் வெர்னியரும்

இப்போதுதான் 2டி வருகிறது. பாகத்தின் மூன்று தோற்றங்களைத் தாளில் பார்த்து 3டியில் எழுப்ப வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது தாளின் மூலையில் இருக்கும் நுனி வெட்டிய கூம்பின் குறி. அது முதல் கோண முறையா மூன்றாம் கோண முறையா என்று சொல்கிறது. முதல் கோணத்தில் மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும், மூன்றாம் கோணத்தில் மேலே வரும், பக்கத் தோற்றமும் அதே போல இடம் மாறும். இதைக் கவனிக்காமல் வரைந்தால் பாகம் கண்ணாடியில் பார்த்தது போல இடவலம் மாறி வந்துவிடும்.

மேலே சொன்ன கன அளவுச் சோதனை இந்தப் பிழையைப் பிடிக்காது. கண்ணாடிப் பிரதிக்கும் அதே கன அளவு, அதே எடை. எடைமையம் எந்த ஆயத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் மாட்டும். நம் பிராக்கெட் நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஒரே மாதிரி என்பதால் அதில் தெரியாது. துளை ஒன்று ஓரமாக இருக்கும் பாகத்தை எடுத்துச் செய்து பாருங்கள்.

பிறகு திருப்பிச் செய்யுங்கள். உங்கள் மாடல் ஒன்றுக்கு நீங்களே வரைபடம் போடுங்கள், கன அளவைத் தனியே குறித்து வையுங்கள், ஒரு வாரம் கழித்து மாடலைத் திறக்காமல் அந்த வரைபடத்தை மட்டும் வைத்து மறுபடி உருவாக்குங்கள். பாதியில் 'இந்தத் துளை எங்கே இருந்து எவ்வளவு?' என்று நிற்பீர்கள். அந்த அளவைத்தான் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

அளந்து வரைவதற்கு ஒரு வெர்னியர் வேண்டும். கையில் கிடைக்கும் கதவுக் கீல், சுவர் கொக்கி, சார்ஜர் மூடி எதுவானாலும் சரி. இரண்டு துளைகளின் மையதூரம் நேராக அளக்க முடியாது. துளைகளின் உள்விளிம்புக்கும் உள்விளிம்புக்கும் இடையே ஓர் அளவு, வெளிவிளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் இடையே ஓர் அளவு எடுத்து இரண்டின் சராசரியைப் போடுங்கள். துளைகள் ஒரே விட்டமாக இல்லாவிட்டாலும் இது சரியாக வரும். சிறு துளையின் விட்டத்தை வெர்னியரின் உள்தாடையால் அளந்தால் உண்மையைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டும், ஏனென்றால் அந்தத் தாடைகளின் விளிம்பு கத்திபோலக் கூராக இல்லாமல் சற்றுத் தட்டையாக இருக்கும். 24.87 என்று வந்தால் அதை அப்படியே ஸ்கெட்சில் எழுதாதீர்கள். இதை வடிவமைத்தவர் 25 என்றுதான் எழுதியிருப்பார். அளந்த எண்ணிலிருந்து நினைத்த எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பயிற்சியே.

கடைசி மாதம்: அசெம்பிளி

அசெம்பிளிக்குத் தாமதமாக வரச் சொல்வது, அது கடினம் என்பதற்காக இல்லை. பாகங்கள் ஒழுங்காக இல்லாவிட்டால் அசெம்பிளியில் தெரியும் எல்லாப் பிழையும் அசெம்பிளியின் பிழை போலவே தோன்றும், எங்கே தேடுவது என்றே தெரியாது. இங்கேயும் ஸ்கெட்சில் போட்ட அதே சுதந்திரக் கணக்குதான். ஒரு பாகத்துக்கு ஆறு: மூன்று திசையில் நகர்வு, மூன்று அச்சில் சுழற்சி. முதல் பாகத்தை அசையாமல் நிறுத்துங்கள், மற்றவற்றை அதோடு இணையுங்கள்.

முதல் பயிற்சிக்கு நீங்கள் அளந்து வரைந்த கீலையே எடுக்கலாம். இரண்டு இலை, ஒரு ஊசி. ஓர் இலையை நிறுத்திவிட்டு மற்றதை எலியால் இழுங்கள். அது சுழல மட்டும் வேண்டும். ஊசியின் நீளவாக்கில் வழுக்கினால் ஓர் உறவு குறைகிறது. அசையவே மறுத்தால் ஒன்று அதிகம். பிறகு முழுக்க மடக்கி, பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுகின்றனவா என்று குறுக்கீட்டுச் சோதனை ஓட்டுங்கள். ஊசியும் துளையும் இரண்டுமே 5.0 என்று வரைந்திருந்தால் சோதனை ஒன்றும் சொல்லாது, நிஜத்தில் நுழையாது. பிளாஸ்டிக் இழை உருக்கும் 3டி பிரிண்டரில் அச்சிடப் போகிறீர்கள் என்றால் பக்கத்துக்கு 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி விட்டுத் தொடங்குங்கள், உங்கள் பிரிண்டருக்குத் தக்கபடி அச்சிட்டுப் பார்த்துச் சரி செய்யுங்கள். அந்த இடைவெளிக்கும் `gap` என்று ஒரு பெயர் கொடுத்து ஒரே இடத்தில் வைத்தால் மாற்றுவது சுலபம்.

கடைசி இரண்டு வாரத்துக்கு ஐந்திலிருந்து எட்டுப் பாகம் உள்ள ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள்: மேசை விளிம்பில் பிடிக்கும் கிளாம்ப், சின்ன வைஸ், கைப்பேசித் தாங்கி. போல்ட்டிலும் அது இறங்கும் துளையிலும் மரையை 3டியில் செதுக்க வேண்டாம். கோப்பு கனமாகி எல்லாம் மெதுவாகும், நிஜத்தில் துளையின் மரையை டேப் போட்டுத்தான் வெட்டப் போகிறார்கள், வரைபடத்தில் M6 என்று எழுதினால் போதும். மரையையே அச்சிடப் போகிறீர்கள் என்றால் மட்டும் விதிவிலக்கு. ரெண்டரிங், விசைப் பகுப்பாய்வு, சர்ஃபேஸ் மாடலிங் மூன்றும் இந்த நான்கு மாதத்துக்குள் வர வேண்டாம். பகுப்பாய்வில் வண்ண வண்ணமாக விடை வரும், ஆனால் எங்கே பிடித்திருக்கிறோம், எங்கே விசை விழுகிறது என்று தப்பாகச் சொன்னாலும் அதே வண்ணத்தில்தான் வரும். ஷீட் மெட்டல் மட்டும் உங்களுக்கு வேலையில் தேவைப்படும் என்றால், எல் பிராக்கெட்டையே மறுபடி ஷீட் மெட்டல் கருவியில் செய்து, விரித்த தகட்டின் நீளம் 60உம் 40உம் சேர்ந்த 100ஐவிட ஏன் குறைவாக வருகிறது என்று பார்த்து அங்கிருந்து தொடருங்கள்.